ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் பாக்கி: செட் ஆஃப், கவுண்டர் கிளைம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பக்கம் இது சாதாரணமாக நடக்கிற வியாபாரம். பவுண்டரிக்காரர் பம்ப் கம்பெனிக்கு காஸ்டிங் போடுவார். அதைக் கடைந்து வருகிற போரிங் ஸ்கிராப்பை பம்ப் கம்பெனி அதே பவுண்டரிக்குத் திருப்பி விற்கும். காஸ்டிங்குக்கு ஒரு ஒப்பந்தம், ஸ்கிராப்புக்கு இன்னொன்று. உறவு நன்றாக இருக்கும்வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, சண்டை வந்த பிறகுதான் இரண்டு ஃபைலையும் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் வருவார்கள்.

கீழே இருக்கிற பதில் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். எண்கள் நான் போட்டவை. நீங்கள் பம்ப் கம்பெனி. காஸ்டிங் பில்லில் பவுண்டரிக்கு நீங்கள் தர வேண்டியது 14,00,000 ரூபாய். ஸ்கிராப் பில்லில் அவர் உங்களுக்குத் தர வேண்டியது 9,20,000. போதாததற்கு அவர் அனுப்பிய கேசிங்கில் 42 பீஸ் புளோ ஹோல் விழுந்து பிரஷர் டெஸ்டில் ஒழுகிவிட்டது, அதன் விலை 1,68,000. அதனால் உங்கள் வாடிக்கையாளர் ஒரு ஆர்டரை ரத்து செய்துவிட்டார், அந்த வகையில் கடைசல் கூலியும் போன லாபமும் சேர்த்து 6,00,000 நஷ்டம் என்கிறீர்கள். பவுண்டரிக்காரர் 10-6-2025 அன்று 14 லட்சத்துக்கும் வழக்குப் போட்டுவிட்டார்.

அவரும் எனக்குத் தரணும், நானும் தரணும். கழிச்சுட்டு மீதியைக் கொடுத்தா முடிஞ்சுதே, இதுக்கு எதுக்கு கோர்ட்?

இரண்டு பேரும் சம்மதித்தால் முடிந்ததுதான். நீங்கள் மட்டும் உங்கள் டேலியில் ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டுக் கழித்துவிட்டு 4,80,000 அனுப்பினால் அவருக்கு நீங்கள் தர வேண்டிய காஸ்டிங் கடன் தானாக அழிந்துவிடாது. அவர் லெட்ஜரில் 9,20,000 இன்னும் பாக்கியாகவே நிற்கும், வட்டியும் அதற்கு மேல் ஓடும் என்பார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தில் மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான். வழக்குக்கு முன்பே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கழித்திருந்தால் அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட். அது பணம் கொடுத்ததற்குச் சமம். கோர்ட்டில் "இந்த 9,20,000 ஏற்கெனவே தீர்ந்த பணம்" என்று தற்காப்பாகச் சொல்கிறீர்கள், அதற்கு கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டாம், காலக்கெடு பிரச்சினையும் வராது. அப்படி ஒத்துக்கொண்ட காகிதம் இல்லாமல், வழக்கு வந்த பிறகு "என் பாக்கியையும் பார்த்துக் கழியுங்கள்" என்று கேட்பதுதான் செட் ஆஃப். அதற்கு ஃபீஸ் உண்டு, கெடு உண்டு, நிபந்தனைகளும் உண்டு. "31-3-2025 வரை காஸ்டிங் கணக்கில் இவ்வளவு, ஸ்கிராப் கணக்கில் இவ்வளவு, நேர் செய்தது போக நிகர பாக்கி இவ்வளவு" என்று இரண்டு பக்கமும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால், முதல் வகை. பெரும்பாலும் அந்தத் தாள் இருக்காது. "அக்கவுண்டன்ட் போனில் சரின்னு சொன்னார் சார்" என்பதுதான் இருக்கும்.

செட் ஆஃபும் கவுண்டர் கிளைமும் ஒண்ணுதானே?

இல்லை. சட்டத் தமிழில் எதிரீடு, எதிர்க்கோரிக்கை என்று எழுதுவார்கள், கோர்ட் வராந்தாவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டுமே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 8-இல் இருக்கின்றன. செட் ஆஃப் ரூல் 6. கவுண்டர் கிளைம் ரூல் 6ஏ முதல் 6ஜி வரை, இது 1976 திருத்தத்தில் வந்தது.

செட் ஆஃப் என்பது கேடயம். அவர் கேட்கிற பணத்தைக் குறைப்பதற்கு. வழக்கு பணம் கேட்கிற வழக்காக இருக்க வேண்டும், உங்கள் தொகை நிர்ணயமானதாக இருக்க வேண்டும், சட்டப்படி வசூலிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்தில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று ரூல் 6 கேட்பதில்லை, பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஸ்கிராப் ஒப்பந்தம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை: பில் இருக்கிறது, எடை மேடைச் சீட்டு இருக்கிறது, கிலோவுக்கு இவ்வளவு என்ற விலை இருக்கிறது, பெருக்கினால் 9,20,000 வருகிறது. நிர்ணயமான தொகை என்றால் அதுதான்.

கவுண்டர் கிளைம் என்பது அவர் வழக்குக்குள்ளேயே நீங்கள் போடுகிற இன்னொரு வழக்கு. நஷ்ட ஈடும் கேட்கலாம், அவர் கேட்டதைவிட அதிகமாகவும் கேட்கலாம். அவர் வழக்கோடு சம்பந்தம் இல்லாத விஷயமாகக்கூட இருக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1987-இல் மகேந்திர குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ரொம்பச் சம்பந்தமில்லாமல் குழப்பினால், இதைத் தனி வழக்காகப் போடச் சொல்லுங்கள் என்று வாதி ரூல் 6சி-யில் கேட்கலாம், நீதிபதியும் ஒத்துக்கொள்ளலாம்.

புளோ ஹோல் நஷ்டத்தையும் சேர்த்து செட் ஆஃப்னு போட்டுக்கலாமா?

ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். உங்களிடம் இருப்பது மூன்று வகைப் பணம், ஒவ்வொன்றும் வேறு வாசல் வழியாகத்தான் உள்ளே போகும்.

ஸ்கிராப் பாக்கி 9,20,000 மேலே சொன்னபடி செட் ஆஃப்.

ஒழுகிய 42 கேசிங் அவர் வழக்குப் போட்டிருக்கிற அதே காஸ்டிங் ஒப்பந்தத்தில் வந்தது. இதற்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் செக்‌ஷன் 59 கை கொடுக்கும்: விற்றவர் வாரண்டியை மீறினால் வாங்கியவர் அதைச் சொல்லி விலையையே குறைக்கச் சொல்லலாம். அதாவது "எனக்கு 1,68,000 தா" என்று நீங்கள் கேட்கவில்லை, "உன் சரக்கு அந்த விலைக்குப் பெறாது" என்கிறீர்கள். ஆனால் இதற்கு உயிர், அந்த நேரத்தில் எழுதியதுதான். பீஸ் வந்த தேதி, ஹீட் நம்பர், டெஸ்ட் ரிப்போர்ட், போட்டோ, ரிஜெக்‌ஷன் நோட், அதை அவர் வாங்கிக்கொண்டதற்கான மெயில். வழக்கு நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு டெபிட் நோட் அடித்தால், கிராஸ் எக்ஸாமினேஷனில் முதல் கேள்வியே அந்தத் தேதியைப் பற்றித்தான் இருக்கும்.

ஆர்டர் போன 6,00,000 கடனே இல்லை. நீங்கள் நஷ்டம் என்கிறீர்கள், கோர்ட் இன்னும் அப்படிச் சொல்லவில்லை. யூனியன் ஆஃப் இந்தியா எதிர் ராமன் அயர்ன் பவுண்டரி வழக்கில் 1974-இல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது: நஷ்ட ஈடு கேட்கிறோம் என்பதாலேயே அது தர வேண்டிய பணம் ஆகிவிடாது, தீர்மானமாகும்வரை அது வெறும் கோரிக்கை. அங்கே அரசாங்கம் ஒரு ஒப்பந்தத்தில் கேட்ட நஷ்ட ஈட்டுக்காக அதே கம்பெனிக்கு வேறு ஒப்பந்தங்களில் தர வேண்டிய பணத்தில் கை வைக்கப் பார்த்தது. பிறகு 1983-இல் கமாலுதீன் அன்சாரி வழக்கில், ஒப்பந்த வாசகமே பிடித்து வைக்க உரிமை கொடுத்திருந்தால் நிலைமை வேறு என்று வந்தது. உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த 6 லட்சம் கவுண்டர் கிளைம்தான்.

கணக்கைப் பாருங்கள். 14,00,000-இல் ஸ்கிராப் 9,20,000 போனால் 4,80,000. விலைக் குறைப்பு 1,68,000 போனால் 3,12,000. கவுண்டர் கிளைம் முழுவதும் நிரூபணமானால் அவர்தான் உங்களுக்கு 2,88,000 தர வேண்டும். முழுவதும் நிரூபணமாவது அபூர்வம். ரத்தான ஆர்டரின் லாபம், இந்த காஸ்டிங் பழுதானால் அந்த ஆர்டர் போகும் என்று பவுண்டரிக்காரருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்ற கேள்வியில் பெரும்பாலும் அடிபடும்.

ஸ்கிராப் பில்லில் ஒண்ணு ரொம்பப் பழசு. மூணு வருஷம் தாண்டிருச்சே, போச்சா?

தேதியைச் சொல்லுங்கள், அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். 9,20,000-இல் 1,60,000-க்கான பில் 25-7-2022 தேதி, கடன் நாள் எதுவும் கொடுக்கவில்லை, சரக்கும் அன்றே போய்விட்டது என்று வைப்போம். மூன்று வருடம் 25-7-2025-இல் முடிகிறது. அவர் வழக்குப் போட்டது 10-6-2025. அவர் வழக்குக்குப் பதிலாக நீங்கள் எதிருரை தாக்கல் செய்வது 30-9-2025.

காலவரையறைச் சட்டத்தின் செக்‌ஷன் 3 இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. செட் ஆஃப் என்றால் அதை அவர் வழக்குப் போட்ட நாளிலேயே நீங்களும் வழக்குப் போட்டதாக எடுத்துக்கொள்ளும். 10-6-2025 அன்று அந்த பில்லுக்கு உயிர் இருந்தது, ஆகவே கழிக்கலாம். கவுண்டர் கிளைம் என்றால் நீங்கள் கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு. 30-9-2025 அன்று பில் செத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதே பில், அதே பணம், எதிருரையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதினீர்கள் என்பதில் 1,60,000 நிற்கிறது அல்லது போகிறது. "எல்லாத்தையும் கவுண்டர் கிளைம்ல போட்ருங்க" என்று டைப்பிஸ்ட்டிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் இங்கேதான் கடிக்கும்.

நடுவில் அவர் பாக்கியை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் ஏதாவது கெடுவுக்குள் கொடுத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். இன்னொன்று, இரண்டு பக்கமும் சரக்கு போய்வந்து ஒரே ஓடு கணக்காக வைத்திருந்தால் பரஸ்பர நடப்புக் கணக்கு என்று சொல்லி, கடைசி ஐட்டம் பதிவான கணக்கு வருடத்தின் முடிவிலிருந்து மூன்று வருடம் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் உங்களிடம் காஸ்டிங்குக்கு ஒரு லெட்ஜர், ஸ்கிராப்புக்கு ஒரு லெட்ஜர் என்று தனித்தனியாக இருந்தால் அந்த வாதம் நொண்டும்.

கோர்ட் ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

தமிழ்நாட்டில் செட் ஆஃபுக்கும் கவுண்டர் கிளைமுக்கும் வழக்குரைக்குக் கட்டுவதைப் போலவே கட்ட வேண்டும். பண வழக்குக்கு முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது, 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம். 9,20,000-க்கு 27,600. 6,00,000-க்கு 18,000. ஆறு லட்சத்தை இருபது லட்சமாக ஊதிக் கேட்கத் தோன்றும்போது இந்த 3 சதவீதத்தை நினைத்துக்கொண்டால் நல்லது.

எதிருரையில இதை எழுத மறந்துட்டோம். அப்புறமா போடலாமா?

முதலில் எதிருரைக்கே கெடு இருக்கிறது. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்கு கமர்ஷியல் கோர்ட்டில் நடக்கும், நம் 14 லட்சமும் அங்கேதான் போகும். சம்மன் கைக்கு வந்து 30 நாள், நீதிபதி நீட்டித்தால் அதிகபட்சம் 120 நாள். 121-ஆவது நாள் எதிருரை போடுகிற உரிமையே போய்விடும், செலவு கட்டுகிறேன் என்று கெஞ்சினாலும் கிடைக்காது. எதிருரையே இல்லாமல் செட் ஆஃபைத் தொங்கவிட ஆணி கிடையாது.

எதிருரை போட்டுவிட்டு கவுண்டர் கிளைமை மட்டும் பிறகு தாக்கல் செய்வதைப் பற்றி, அசோக் குமார் கால்ரா வழக்கில் 2019-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: தகுந்த காரணம் இருந்தால் அனுமதிக்கலாம், ஆனால் எழுவினாக்கள் வனைந்த பிறகு, அதாவது எந்தெந்தக் கேள்விகளைத் தீர்மானிக்க வேண்டும் என்று கோர்ட் எழுதிய பிறகு, சாதாரணமாக முடியாது. இது அனுமதி, உரிமை இல்லை. நோட்டீஸ் வந்த அன்றே ஸ்கிராப் ஃபைலையும் சேர்த்து எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். காஸ்டிங் கேஸ்தானே என்று காஸ்டிங் ஃபைலை மட்டும் கொண்டுவருகிறவர்கள் அதிகம்.

காஸ்டிங் போட்டது அவர் கம்பெனி. ஆனா ஸ்கிராப் வாங்கினது அவர் சம்சாரம் பேர்ல இருக்கிற கம்பெனி. ஒரே குடும்பம்தானே?

குடும்பம் ஒன்று, ஜிஎஸ்டி நம்பர் இரண்டு. வழக்கில் எந்தத் தகுதியில் இருக்கிறார்களோ அதே தகுதியில்தான் கடனும் இருக்க வேண்டும் என்பது ரூல் 6. இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து போட்ட வழக்கில் அவர்களில் ஒருவர் மட்டும் உங்களுக்குத் தர வேண்டிய சொந்தக் கடனைக் கழிக்க முடியாது, சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சம்சாரம் பெயரில் உள்ள கம்பெனிக்குப் போன ஸ்கிராப்புக்கு அந்த அம்மா மீது தனி வழக்குத்தான். மூன்று பேரும் கையெழுத்திட்டு அந்தக் கடனை இவர் ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தால் கதை வேறு.

ஸ்கிராப் ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன்னு ஒரு கிளாஸ் இருக்கு. அதனால ஏதாவது சிக்கலா?

ஆமாம், பெரிய சிக்கல். காஸ்டிங்குக்காக அவர் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார், நீங்கள் ஸ்கிராப் பாக்கியை எழுப்பினால் "அந்தத் தகராறு ஆர்பிட்ரேட்டரிடம் போக வேண்டியது" என்று அவர் மனுப் போடலாம். தலைகீழாக இருந்தாலும் அதே கதை: காஸ்டிங் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வருகிற கவுண்டர் கிளைமையும் செட் ஆஃபையும்தான் அந்த ஆர்பிட்ரேட்டர் தீர்ப்பார் என்று ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் செக்‌ஷன் 23-இன் 2ஏ உட்பிரிவு சொல்கிறது. ஸ்கிராப் வெளியே நின்றுகொண்டிருக்கும்.

அப்போது இரண்டு இடத்தில் நடத்தி, முடிவில் நேர் செய்ய வேண்டியதுதான். ஒரே தரப்பினருக்குள் இரண்டு டிக்ரி இருந்து, இரண்டும் ஒரே கோர்ட்டில் நிறைவேற்றத்துக்கு வந்தால் ஒன்றோடொன்று கழித்து மீதிக்கு மட்டும் ஜப்தி போக ஆர்டர் 21, ரூல் 18 இடம் கொடுக்கிறது. ஆனால் அவர் டிக்ரி முதலில் வந்து உங்களுடையது இரண்டு வருடம் கழித்து வந்தால், நடுவில் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டியிருப்பீர்கள்.

அவர் கோர்ட்டுக்கு வராம எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போயிட்டா? அங்க நம்ம பேச்சு எடுபடுமா?

எடுபடும். சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021-இல் சுப்ரீம் கோர்ட் அங்கேயும் கவுண்டர் கிளைம் போடலாம் என்றது. ஆனால் அந்த வழி உங்களுக்கு விலை அதிகம்: தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்துப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வேறு ஒப்பந்தத்தின் ஸ்கிராப் பாக்கி அங்கே எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதில் அவர் பக்கம் நிச்சயம் சண்டை போடுவார்கள்.

அவர் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிட்டா கழிச்சுக்கலாம்ல?

இங்கேதான் பெரிய கம்பெனிகளே தடுக்கி விழுந்தன. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் கதை தெரிந்திருக்கும். 2016-இல் ஏர்டெல் ஏர்செல்லிடம் இருந்து ஸ்பெக்ட்ரம் உரிமை வாங்கியது, அந்த வகையில் ஏர்டெல் பணம் தர வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், ஒரு நெட்வொர்க்கில் இருந்து இன்னொன்றுக்குப் போகிற அழைப்புக்கான இன்டர்கனெக்ட் கட்டணத்தில் ஏர்செல் ஏர்டெல்லுக்கு பாக்கி. 2018-இல் ஏர்செல் திவால் தீர்வு நடவடிக்கைக்குள் போனது. ஏர்டெல் தனக்கு வர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவேன் என்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 3-1-2024 அன்று முடியாது என்று தீர்ப்பு வந்தது.

காரணம் எளிது. கம்பெனி முடங்கிக் கிடக்கும்போது உங்களுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு கிடைத்து, வரிசையில் நிற்கிற மற்ற கடன்காரர்களுக்கு இருபதோ முப்பதோ கிடைத்தால் அது அவர்கள் தட்டிலிருந்து எடுத்த சோறு. இரண்டு விதிவிலக்கு மட்டும் விட்டார்கள்: நடவடிக்கை தொடங்கும் முன்பே அமலுக்கு வந்துவிட்ட ஒப்பந்தப்படியான செட் ஆஃப், அல்லது ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த ஒரே கொடுக்கல் வாங்கலில் வந்த பரஸ்பரக் கடன். ஸ்பெக்ட்ரம் வேறு, இன்டர்கனெக்ட் வேறு, இரண்டு விதிவிலக்கிலும் ஏர்டெல் பொருந்தவில்லை. நம் காஸ்டிங்கும் ஸ்கிராப்பும் அப்படித்தான் பார்க்கப்படும். கம்பெனி கலைப்புக்கே போய்விட்டால் பரஸ்பர வரவு செலவைக் கழிக்க விதி இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் 14 லட்சத்தை முழுதாகக் கட்டிவிட்டு 9,20,000-க்கு, அந்த நடவடிக்கையை நடத்துகிற ரெசொல்யூஷன் புரொபஷனலிடம் கிளைம் ஃபாரம் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவர் தள்ளாடுகிறார் என்று மார்க்கெட்டில் பேச்சு வரும்போதே கணக்கை நேர் செய்து கையெழுத்து வாங்குங்கள்.

நம்ம கவுண்டர் கிளைமைப் பார்த்து பயந்து அவர் கேஸை வாபஸ் வாங்கிட்டா?

உங்களுடையது தொடர்ந்து நடக்கும். ரூல் 6டி.

கழிச்சுக்கிட்டா ஜிஎஸ்டியும் கழிஞ்சிடுமா?

கழியாது. அவர் விற்றதற்கு அவர் வரி, நீங்கள் விற்றதற்கு நீங்கள் வரி, இரண்டு பில்லும் முழுதாக ரிட்டர்னில் இருக்க வேண்டும். பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால் எடுத்த இன்புட் கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியை மறக்காதீர்கள். பேங்க்கில் பணம் போகாமல் கணக்கில் நேர் செய்திருந்தால் அதுவும் பட்டுவாடாதான் என்று ஆடிட்டர் வாதாடுவதற்கும் அந்த இரண்டு கையெழுத்துத் தாள்தான் வேண்டும்.

சரி, அடுத்த ஒப்பந்தத்துல என்ன எழுதிக்கணும்?

இரண்டு ஒப்பந்தத்திலும் இதை அப்படியே வையுங்கள்: "இந்த ஒப்பந்தத்திலோ தரப்பினருக்கு இடையே உள்ள வேறு எந்த ஒப்பந்தத்திலோ ஒருவர் மற்றவருக்குத் தர வேண்டிய, தவணை வந்த தொகையை, ஏழு நாள் எழுத்து மூல அறிவிப்பு கொடுத்து, தான் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம்." தகராறு எங்கே தீர்க்கப்படும் என்ற கிளாஸும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், ஒன்றில் கோர்ட் இன்னொன்றில் ஆர்பிட்ரேஷன் என்று விடாதீர்கள். எதிர்த் தரப்பு அனுப்புகிற டிராஃப்டில் "எந்தக் கழிவும் இன்றி முழுத் தொகை செலுத்தப்படும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், பெரும்பாலும் பேமென்ட் டெர்ம்ஸின் கடைசியில். கையெழுத்துக்கு முன்னால் அதை அடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அனுப்பும்போது இரண்டு லெட்ஜரையும் ஒரே தாளில் போட்டு அனுப்புங்கள், ஏப்ரல் முடிவதற்குள் சீலோடு திரும்பி வந்ததா என்று உங்கள் அக்கவுண்டன்ட்டைக் கேளுங்கள்.